எத்தனை பேர் சேர்ந்த 'நாங்கள்'?

நண்பர்களே, வணக்கம். தன் தெருவைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் 'நாங்கள்' என்ற சொல் தானாகவே வந்துவிடுகிறது. அதைப் படிப்பவர் எப்போது நம்புகிறார்?

சிகாகோவின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ், பள்ளி நேரத்தில் தன் பகுதியிலிருந்த, மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்து ஆடும் பூல் ஆட்டக் கூடம் ஒன்றைக் கடந்து போனார். உள்ளே பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. தங்களைப் பற்றி இவர்கள் என்ன நினைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் யோசித்தார். அப்படிப் பிறந்து 1959-இல் வெளியானதுதான் 'வீ ரியல் கூல்' என்ற ஆங்கிலக் கவிதை. மொத்தம் 24 சொற்கள். அதில் எட்டு 'வீ'.

கவிதைக்கு மேலேயே, ஆடுகிறவர்கள் ஏழு பேர் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஊருக்காகவோ இனத்துக்காகவோ அல்ல, இந்த ஏழு பேருக்காக மட்டுமே அந்த 'வீ' பேசுகிறது. அப்புறம், முதல் 'வீ'யைத் தவிர மற்றவை எல்லாம் வரியின் கடைசியில் தொங்குகின்றன. அவற்றை மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்று புரூக்ஸே விளக்கியிருக்கிறார். அந்தப் பையன்களுக்குத் தங்கள் மேலேயே உறுதி இல்லை. சீக்கிரம் செத்துப்போவோம் என்று அவர்களே சொல்வதோடு கவிதை நின்றுவிடுகிறது. 'ஐயோ பாவம்' என்று கவிஞர் உள்ளே வருவதில்லை.

இதைத் தமிழாக்கினால் 'நாங்கள்' என்றுதான் போட முடியும். 'நாம்' என்றால் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்காத வாசகரும் எட்டாவது ஆளாகிவிடுவார். ஆங்கிலத்தில் மறைந்துகிடக்கும் அந்தக் கோடு நம் மொழியில் வெளியே தெரிகிறது.

இனி என் கவிதை. எங்கள் தெருவின் தண்ணீர் லாரியைப் பற்றி, 'குடங்களோடு நாங்கள் காத்திருந்தோம்' என்று எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார்: "உங்க வீட்டுல அப்பவே போர் போட்டிருந்தீங்களே தம்பி, நீங்க எப்ப குடம் தூக்குனீங்க?"

வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தேன். குடத்தின் நிறம்கூடக் கவிதையில் இல்லை. இடம்பிடிக்க வரிசையில் செங்கல் வைப்பார்கள். குடம் மாறிவிடாமல் இருக்க அடியில் பெயின்ட் புள்ளி வைப்பார்கள். அந்த அக்காவின் புள்ளி சிவப்பு. வரிசையில் நின்றவருக்கு இது மறக்காது. நான் மாடியிலிருந்து பார்த்தவன். எல்லோரும் ஒன்றுபோலக் காத்திருந்தார்கள், ஒன்றுபோலத் தாகப்பட்டார்கள் என்று எழுதியிருந்தேன். லாரி வரும்போது அங்கே நடக்கும் சண்டை ஒரு வரியில்கூட இல்லை.

சரி, 'நாங்கள்' வேண்டாமென்று 'அவர்கள்' என்று மாற்றிப் பார்த்தேன். அதில் நான் தப்பித்துக்கொண்டதுபோல் இருந்தது. பிறகு 'நாங்கள்' என்பதையே வைத்துக்கொண்டு, அது யார் என்பதை மாற்றினேன். இப்போது அது எங்கள் வீட்டு நான்கு பேர். லாரி வரும் நேரத்தில் மோட்டார் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம்.