டோஸ் கணக்கு அட்டை: பின்பக்கத்தில் தப்பு விடைகளையும் எழுதுங்கள்

வணக்கம் நண்பர்களே. நர்சிங், பார்மசி படிக்கிற நிறைய பேர் டோஸ் கணக்குப் பழக அட்டை எழுதி வைத்திருப்பீர்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. புரட்டிப் பார்ப்போம், சரியென்றால் அடுத்த அட்டைக்குப் போவோம். தப்பு வந்தால் எங்கே தப்பு வந்தது என்று அந்த அட்டை சொல்லாது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தை எப்படி எழுதலாம் என்று முழுசாகப் பார்க்கலாம்.

முன்பக்கம் இதுதான். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன்.

```
ஆர்டர்: Dopamine 5 mcg/kg/min
எடை: 185 lb
பை: 400 mg / 250 mL
பம்ப் வேகம்: ? mL/hr
```

வேண்டுமென்றேதான் எடையைப் பவுண்டில் கொடுத்திருக்கிறேன். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் அலகுகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஆர்டரில் மைக்ரோகிராம், பையில் மில்லிகிராம். ஆர்டரில் நிமிடம், பம்பில் மணி. ஆர்டரில் கிலோ, எடையில் பவுண்டு. மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மூன்றையும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் எடை. ஒரு கிலோ 2.2 பவுண்டு, ஆகவே 185ஐ 2.2ஆல் வகுத்தால் 84.09, 84 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பை. 400 மில்லிகிராம் என்றால் 4,00,000 மைக்ரோகிராம். அதை 250 மில்லிலிட்டரால் வகுத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 1600 மைக்ரோகிராம். இப்போது ஆர்டருக்கு வருவோம். 5ஐ 84ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 420 மைக்ரோகிராம், 60ஆல் பெருக்கினால் மணிக்கு 25,200. அதை 1600ஆல் வகுக்க வேண்டும்.

```
5 × 84 × 60 ÷ 1600 = 15.75  →  15.8 mL/hr
```

எடையை 84 என்று எடுத்ததைத் தவிர, கடைசியில் ஒரே ஒரு தடவைதான் முழுமைப்படுத்தியிருக்கிறேன். நடுவில் ஒவ்வொரு படியிலும் முழுமைப்படுத்திக்கொண்டே வந்தால், கடைசி எண் தானாக நகர்ந்துவிடும்.

சரி, பெரும்பாலான அட்டைகள் இதோடு நின்றுவிடும். நான் இதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இந்தக் கணக்கில் வரக்கூடிய தப்பு விடைகளை எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தத் தவறால் வந்தது என்றும் எழுதுவேன்.

60ஆல் பெருக்க மறந்தால் 0.26 வரும். எடையைச் சேர்க்க மறந்தால் 0.19 வரும். மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்ற மறந்தால் 15,750 வரும். உங்களுக்கு 0.26 வந்திருக்கிறது என்றால் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நிமிடத்தை மணியாக்க மறந்தீர்கள் என்று அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தமாக அட்டை எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்கிறேன். எடைக்கு 60 கிலோ என்று போடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் கைக்கு வருகிற எண் அதுதான். ஆனால் எடையும் 60, நிமிடமும் 60 என்றால் எதை மறந்தாலும் ஒரே தப்பு விடைதான் வரும். எந்தத் தவறு என்று பிரித்துச் சொல்ல முடியாது, அட்டை வீண்.

இப்போது சரிபார்ப்பு. முதலாவது, கணக்குப் போடும் முன்பே மனசில் ஒரு குத்துமதிப்பு. 185 பவுண்டு கிட்டத்தட்ட 80 கிலோ. ஐந்தெண்பது 400, அறுபதால் பெருக்க 24,000, 1600ஆல் வகுக்க 15. அப்படியென்றால் விடை 15க்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த வேகத்தில் பை எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. மணிக்கு 15.8 என்றால் 250 மில்லிலிட்டர் பை ஏறக்குறைய 16 மணி நேரம் ஓடும், நம்பலாம். 0.26 என்றால் அதே பை கிட்டத்தட்ட 40 நாள் ஓடும்! கலந்த மருந்துப் பையை அவ்வளவு நாள் யாரும் மாட்டி வைக்க மாட்டார்கள். 15,750 என்றால் பை ஒரு நிமிடத்துக்குள் காலி. பல பம்புகளில் 999க்கு மேல் வேகத்தைப் பதிவே செய்ய முடியாது.

இந்த மாதிரிப் பெரிய தப்புகள் கண்ணில் பட்டுவிடும். என்னைக் கவலைப்பட வைப்பது வேறு ஒரு தப்பு. பவுண்டை மாற்றாமல் 185 என்பதை அப்படியே கிலோவாக எடுத்துக்கொண்டால் 34.7 வரும். பை ஏழு மணி நேரம் ஓடும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. உண்மையில் நோயாளிக்குப் போவது கிலோவுக்கு நிமிடத்துக்கு 11 மைக்ரோகிராம், ஆர்டரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டோபமைனுக்கு வழக்கமான வரம்பு 2 முதல் 20 வரை என்பதால் 11ம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, வரம்பை மட்டும் பார்த்து இந்தத் தப்பைப் பிடிக்க முடியாது.

அப்புறம், பின்னோக்கிப் போட்டுப் பார்க்கிற கணக்கு இருக்கிறதே, அதுவும் இங்கே ஏமாற்றும். 34.7ஐ 1600ஆல் பெருக்கி, 60ஆல் வகுத்து, மறுபடி அதே 185ஆல் வகுத்தால் அழகாக 5 வந்து நிற்கும். சரியாகிவிட்டது என்று டிக் போட்டுவிடுவோம். தப்பான எண்ணையே திரும்பவும் போட்டால் தப்பு தன்னைத்தானே சரி என்று சொல்லிக்கொள்ளும்.

அதனால் பின்னோக்கிக் கணக்கிடும்போது நீங்கள் போட்ட வரிகளை மூடிவிடுங்கள். விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லா எண்களையும் முன்பக்கத்திலிருந்து அலகோடு புதிதாக எடுங்கள். அப்படி எடுத்தால் எடை இருக்கும் இடத்தில் lb என்ற இரண்டு எழுத்து கண்ணில் படும். கிலோவாக்கி, சரியான விடையைப் போட்டுப் பாருங்கள்.

```
15.8 × 1600 ÷ 60 ÷ 84 = 5.02 mcg/kg/min
```

அந்த 0.02 நாம் முழுமைப்படுத்தியதால் வந்தது, பயப்பட வேண்டாம்.

வார்டில் இரண்டாவது ஆள் சரிபார்ப்பதும் இதே முறைதான். முதல் ஆளின் விடையைக் காட்டி "இது சரிதானே?" என்று கேட்டால் பெரும்பாலும் "சரி" என்றுதான் பதில் வரும். அவரிடம் ஆர்டரையும் பையின் லேபிளையும் மட்டும் கொடுங்கள், தனியாகப் போட்டு முடிக்கட்டும், அதன் பிறகு இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். ஜோடியாகப் படிக்கிறவர்கள் அட்டையை இப்படியே பழகலாம். இந்த அட்டை கணக்குப் பழக மட்டும்தான். நிஜ நோயாளிக்கு வரும்போது ஆர்டரும், கையில் இருக்கும் பையின் லேபிளும், உங்கள் மருத்துவமனையின் விதிமுறையும்தான் பேச வேண்டும். அங்கே பையின் செறிவு 1600ஆக இல்லாமலும் போகலாம்.

எழுதும் முறையிலும் ஒன்று கவனியுங்கள். அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதுங்கள், புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். அதேபோல் 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்க வாய்ப்பிருக்கிறது, வெறும் 5 போதும்.

அடுத்த அட்டையின் முன்பக்கத்தை மட்டும் தருகிறேன். இது திருப்பிப் போடுகிற கணக்கு, பார்மசி மாணவர்கள் அவசியம் போடுங்கள். அதே 400 மில்லிகிராம், 250 மில்லிலிட்டர் பை. எடை 70 கிலோ. பம்ப் மணிக்கு 21 மில்லிலிட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நோயாளிக்குப் போகிற டோஸ் என்ன? விடையோடு, எடையால் வகுக்க மறந்தவருக்கு என்ன எண் வரும், அது தப்பு என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.