நாற்பது இடம், பதினெட்டுப் பேர் காத்திருப்பு

நேயர்களுக்கு வணக்கம். தேனீ வளர்ப்புப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்குத் தேனீயைப் பற்றி இல்லை, தேனீ கருத்தரங்குக்கு இடம் கிடைக்காமல் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். பல வருஷமாக மனதில் கிடக்கிற விஷயம், சொல்லிவிட்டுப் போகிறேன்.

தக்கலைப் பக்கம் ஒரு கூடத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, மழைக்காலம் ஓய்கிற சமயம் பார்த்து, ஒரு சனிக்கிழமை, ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். கட்டணம் இல்லை, மத்தியானம் சாப்பாடு உண்டு. நாற்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கூடத்தில் எழுபது நாற்காலி போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். போடலாம்தான். ஆனால் எங்களிடம் இருப்பது பத்துப் பெட்டி. ஒரு பெட்டியைத் திறந்து வைத்தால் சுற்றி நான்கு பேர் நிற்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் கூட்டின் வாசலை மறைத்துக்கொண்டு நிற்பார், வெளியே போன ஈ திரும்பி வர வழியில்லாமல் அவர் காதைச் சுற்றும், அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்துப் பெட்டி, பெட்டிக்கு நான்கு பேர், அதனால்தான் நாற்பது. எந்தக் கருத்தரங்கானாலும் காத்திருப்போர் பட்டியலுக்கு முதல் வேலை இதுதான்: இடம் எத்தனை, ஏன் அத்தனை என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் இருக்கிறவர் வந்து "ஒரு நாற்காலி போட்டால் போதுமே" என்று நிற்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

சரி, நாற்பது நிரம்பிவிட்டது, நாற்பத்தொன்றாவது ஆள் கூப்பிடுகிறார். அவர் பேரைக் காத்திருப்பில் ஒன்று என்று எழுதுகிறோம். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்த எல்லோரும் பார்த்ததுதான். டிக்கெட்டில் இரண்டு எண் இருக்கும். நீங்கள் எடுத்தபோது 24-ஆம் ஆள், இப்போது 9-ஆம் ஆள் என்று. அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து இருப்பது எனக்குப் பிடிக்கும். வரிசை நகர்கிறதா என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் ரயில் கணக்கை அப்படியே கருத்தரங்குக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கே நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள், இடம் கிடைத்தால் தானாகவே உறுதியாகிவிடும், போகப் பிடிக்காவிட்டால் நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். இங்கே காசும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து நாளுக்கு முன்னால் பெயர் கொடுத்தவர், இடம் இல்லை என்றதும் அந்தச் சனிக்கிழமைக்கு மச்சினன் வீட்டுக் கல்யாண நிச்சயம் வைத்துக்கொண்டிருப்பார். அவரைத் தானாக மேலே ஏற்றி "உங்களுக்கு இடம் உறுதி" என்று ஒரு செய்தி அனுப்பினால், இடம் அவர் பேரில் இருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். அதனால் கேட்க வேண்டும், அவர் "வருகிறேன்" என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஏற்ற வேண்டும். கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது? நான் சறுக்கியது அங்கேதான்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் வியாழக்கிழமை ராத்திரி ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஒன்றும் இரண்டும் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது, அடுத்தது மூன்றாம் எண். காலையில் ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை, அப்போதும் எடுக்கவில்லை. சரி, ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நான்காம் எண்ணைக் கூப்பிட்டேன், அவர் முதல் மணியிலேயே எடுத்தார், இடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ரொம்பத் திருப்தி. விடிவதற்குள் வேலை முடிந்ததல்லவா!

பத்து மணிக்கு மூன்றாம் எண் திருப்பிக் கூப்பிட்டார். இடம் போய்விட்டது என்றேன். சரி சாரே என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் நேரிலேயே வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவர் அப்படிப் பேசவில்லை. "சாரே, நான் ரப்பர் பால்வெட்டுக்காரன். ஆறு மணிக்கு எந்தப் பால்வெட்டுக்காரன் போன் எடுப்பான்? சட்டையும் போனும் ஷெட்டிலே கெடக்கும். எனக்க பேரு மூணாவதுல்லா இருந்தது?" என்று கேட்டார்.

வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் ரப்பர் பால் நன்றாக வடியும், அதனால் விடியும் முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இது தெரியாதவர் உண்டா? எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கூப்பிட்டேன், அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதைவிடக் கஷ்டம், அவருக்கு அந்த இடம் போனது ஒரு நாள் நஷ்டம் இல்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், தை மாசியில் நம் ஊர்த் தேன் வரத்தே அதுதான். அதற்குள் பெட்டியில் கூட்டம் நிலைத்திருக்க வேண்டும். கருத்தரங்கு தவறினால் ஒரு வருஷம் போனது. ரப்பர் தோட்டத்திலேயே நிற்கிற மனிதருக்கு அது போனது, இடம் வாங்கினவர் டவுனில் மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைக்க ஆசைப்பட்டவர்.

அன்றிலிருந்து கேட்டபின் காத்திருக்கும் நேரத்தை நான் கடிகாரத்தோடு எழுதி வைக்கிறேன். வியாழன் வரைக்கும் ஒரு முழு நாள். காலை பத்துக்குக் கேட்டால் மறுநாள் காலை பத்து வரை அந்த இடம் அவருக்குத்தான். ஒரு முழு நாளில் பால்வெட்டும் முடியும், பள்ளிக்கூடமும் முடியும், ராத்திரி வேலை பார்ப்பவரும் தூங்கி எழுந்துவிடுவார். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்தான், வேறு வழியில்லை, ஆனால் அதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லியிருப்போம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் யாரையும் கூப்பிடுவதில்லை.

போன தடவை நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். காத்திருப்பில் பதினெட்டுப் பேர். செவ்வாய்க்கிழமை காலையில், இடம் உறுதியான நாற்பது பேரிடமும் வருகிறீர்களா என்று திரும்பக் கேட்டோம். இதைக் கேட்காமல் விட்டால் காலி இடம் சனிக்கிழமை காலையில்தான் தெரியவரும், அப்போது தெரிந்து என்ன செய்ய? ஐந்து பேர் வரவில்லை என்றார்கள். ஐந்து இடம், அதனால் முதல் ஐந்து பேரிடம் மட்டும் ஒரே நேரத்தில் கேட்டோம். பதினெட்டுப் பேரிடமும் கேட்கவில்லை. குழுவில் "ஐந்து இடம் இருக்கிறது, முதலில் சொல்கிறவருக்கு" என்று போடுவது ரொம்பச் சுலபம், போட்ட நிமிஷமே வரிசை செத்துப்போகும், எப்போதும் போனைக் கையில் வைத்திருப்பவர் ஜெயிப்பார். பால்வெட்டுக்காரர் ஒருநாளும் ஜெயிக்க மாட்டார்.

ஒன்றாம் எண் வருகிறேன் என்றார். மூன்றும் நான்கும் கணவன் மனைவி, இரண்டு பேரும் வருகிறோம் என்றார்கள். ஐந்து முடியாது என்றார். இரண்டாம் எண்ணிடமிருந்து பதிலே இல்லை. புதன் காலை பத்து மணி ஆனதும் மீதி இரண்டு இடத்தை ஆறுக்கும் ஏழுக்கும் கேட்டோம். மத்தியானம் இரண்டாம் எண் பதறிக்கொண்டு கூப்பிடுகிறார், இப்போதுதான் பார்த்தேன் என்று. இங்கே மனது இளகும், இளகக் கூடாது. ஆறிடமும் ஏழிடமும் கேட்டாகிவிட்டது, அவர்கள் நேரம் முடியும்வரை அது அவர்களுடைய இடம். ஆனால் இரண்டாம் எண்ணைக் கடைசிக்கும் தள்ளவில்லை. அடுத்துக் காலியாகிற இடம் முதலில் அவருக்குத்தான். ஒரு தடவை பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் போகும், வரிசை போகாது, இரண்டாவது தடவையும் சத்தமில்லை என்றால் பேரை எடுத்துவிடுவோம். ஆறு வந்தார், ஏழு வரவில்லை என்றார், அந்த இடம் இரண்டுக்குப் போனது. வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொன்று காலியாயிற்று, எட்டாம் எண் அரை மணி நேரத்தில் சரி சொன்னார்.

அந்தக் கணவன் மனைவிக்கு ஒரே ஒரு இடம்தான் வந்திருந்தால்? ஒருவர் வருகிறீர்களா, இல்லை இரண்டு கிடைக்கும்வரை நிற்கிறீர்களா என்று அவர்களையே கேட்போம். நிற்கிறோம் என்றால் அவர்கள் எண் அப்படியே இருக்கும், அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். ஜோடிக்காக ஒரு நாற்காலியைக் காலியாகக் காத்து வைப்பதில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, எல்லோரும் விழுகிற ஓட்டை. செவ்வாய்க்கிழமை ஐந்து இடம் காலியான அதே மத்தியானம் குளச்சலிலிருந்து புதிதாக ஒருவர் கூப்பிட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டார். போனை எடுத்த நம் தம்பி நோட்டைப் பார்த்தார், முப்பத்தைந்துதான் இருந்தது, இருக்கிறது அண்ணே என்று சொல்லப் போனார், நல்ல வேளை பக்கத்தில் நான் இருந்தேன். பட்டியலில் ஒருவர் நின்றாலும் புதுப் பதிவு மூடியேதான் இருக்க வேண்டும், புதியவர் பத்தொன்பதாம் எண். இணையப் படிவம் வைப்பவர்களும் பாருங்கள், சில படிவங்களில் எண்ணிக்கை குறைந்ததும் கதவு தானாகத் திறந்துகொள்ளும், ஒன்பது நாளாக நிற்பவரைத் தாண்டி ஒன்பது நொடிக்கு முன் வந்தவர் உள்ளே போய்விடுவார். அப்புறம், ஒரே நோட்டு, ஒரே ஆள் கையில். இரண்டு பேர் இரண்டு போனில் கூப்பிட்டு ஒரே இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்த வருஷமும் எங்களுக்கு உண்டு.

சனிக்கிழமை பத்தேகால் வரை மூன்று பேர் வரவில்லை. பட்டியலிலிருந்து நேரில் வந்து வாசலில் நின்றவர்கள் பதினொன்றும் பதினான்கும். பதினான்கு ஏழரைக்கே வந்துவிட்டார், பதினொன்று வந்தது பத்தே ஐந்துக்கு. மூன்று இடம் இருந்ததால் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஒரே இடம் என்றால் பதினொன்றுக்குத்தான். சீக்கிரம் வந்தவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். இரண்டு விஷயம் பாக்கி. பெரிய மனிதர் சிபாரிசில் வருகிறவருக்கு என்று இரண்டு இடம் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் முதல் நாளே முப்பத்தெட்டு என்று அறிவித்துவிடுங்கள், வரிசைக்கு நடுவில் நுழைக்காதீர்கள். பதினைந்தாம் எண்ணில் நிற்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்களுக்கு எட்டு ஒன்பதுக்கு மேல் போனில் கூப்பிட்டு ஏறியதில்லை, வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறோம், இடம் கிடைக்காதவர்களை அதே வரிசையில் அடுத்த கருத்தரங்குக்கு முதலில் கேட்கிறோம். குலுக்கல் போடலாமா என்பதைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், நேரம் இல்லை. அந்தப் பால்வெட்டுக்காரரா? மறுவருஷம் ஒன்றாம் எண்ணாக வந்தார், இப்போது பன்னிரண்டு பெட்டி வைத்திருக்கிறார். நான் அவரைப் பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடுகிறேன். வணக்கம்.