மைக்கைப் பிடிச்சு குறள் சொல்றப்ப ஏன் கூட்டம் போனைப் பார்க்குது?

வணக்கம், பசியாறிட்டீங்களா?

போன மாசம் பட்டர்வொர்த்ல மாமா ஒருத்தரோட அறுபதாவது பிறந்தநாள் டின்னர். அவரோட அக்கா மகன் பேசணும், அவன்தான் எனக்கு ஸ்கிரிப்ட் அனுப்பி பாத்து சொல்லுண்ணேன்னான். முதல் வரி இப்படி இருந்துச்சு.

[திரையில்: "தெய்வப்புலவர் திருவள்ளுவப் பெருந்தகை, அறத்துப்பால், செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில், நூற்றிரண்டாவது குறளில் நவின்றது போல..."]

குறள் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள பாதி மேசை போனை எடுத்திருக்கும், மீதி பேர் மீ கோரெங் வந்துருச்சான்னு திரும்பிப் பாப்பாங்க. ஏன்னா இந்த வரியில மாமாவைப் பத்தி ஒரு சொல் கூட இல்ல, எனக்கு எத்தன அதிகாரம் தெரியும் பாருன்னுதான் காதுல விழுது. அவன் நல்ல பையன்தான், ஆனா அப்படித்தான் கேக்கும்.

நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மாமா அப்படி என்னடா செஞ்சாரு? 2017 நவம்பர்ல பினாங்குல வெள்ளம் வந்துச்சே, அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி, மாமா தன்னோட சின்ன லோரிய எடுத்துட்டு வந்து பாட்டியையும் இவங்க அம்மாவையும் ஏத்திட்டுப் போனாராம். சாதாரண நாள்ல இருபது நிமிஷ வேலைண்ணேன்னு அவனே சொன்னான். அங்கதான் குறளோட இடம், அந்த இருபது நிமிஷத்துக்குப் பின்னாடி, பேச்சோட ஆரம்பத்துல இல்ல.

[திரையில்: காலத்தினால் செய்த நன்றி / சிறிதெனினும் / ஞாலத்தின் மாணப் பெரிது]

இதே அதிகாரத்துல வேற குறளும் இருக்கு, ஏன் இதுதான்? "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்" எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா அது நன்றி மறந்தவனுக்குத் தப்பிக்க வழியே இல்லன்னு சொல்றது, பிறந்தநாள் வீட்டுல யாரைத் திட்டுறீங்கன்னு ஆளாளுக்கு முகத்தப் பாத்துக்குவாங்க. "தினைத்துணை நன்றி செயினும்" இருக்கே, அழகான குறள்தான், ஆனா அது புகழ்றது உதவியோட பயன் தெரிஞ்சவங்கள, அதாவது வாங்கிக்கிட்ட நம்மள. மாமாவுக்கு விழ வேண்டிய மாலைய நாமளே போட்டுக்கிட்ட மாதிரி ஆயிரும். 102ல மட்டும்தான் "காலத்தினால்"னு ஒரு சொல் இருக்கு, அந்த மூணு மணி அதுக்குள்ள போய் உக்காந்துக்குது. ஒரு குறள் பொருந்துதான்னு பாக்க நான் பண்றது இதுதான், உங்க கதையில இருக்கிற ஒரு விஷயம் குறள்ல ஒரு சொல்லா நேரடியா இருக்கணும். அப்படி இல்லன்னா விட்டுருங்க.

அடுத்தது வாசிக்கிற விதம், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. புத்தகத்துல "காலத்தி னாற்செய்த"ன்னு அச்சாகியிருக்கும், அது வெண்பாவோட சீர் பிரிப்பு, கண்ணுக்கானது. அதப் பாத்து அப்படியே நிறுத்தி வாசிச்சா "காலத்தி"ன்னு ஒரு சொல் தனியா தொங்கும், கேக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது. திரையில இருக்கிற மாதிரி பொருளுக்குத் தகுந்தபடி பிரிச்சு எழுதிக்கோங்க, "சிறிதெனினும்" முடிஞ்சதும் ஒரு மூச்சு. குரல மாத்தாதீங்க, பட்டிமன்றக் குரல் வேண்டாம், கதை சொன்ன அதே குரல்.

பேர எங்க சொல்றது? பின்னாடி. கடைசியில அவன் பேசினது இப்படி.

"சாதாரண நாள்ல அது இருபது நிமிஷ வேலை. (கொஞ்சம் நிறுத்தி) காலத்தினால் செய்த நன்றி, சிறிதெனினும், ஞாலத்தின் மாணப் பெரிது. வள்ளுவர் அந்த ராத்திரியத்தான் சொல்லியிருக்காரு மாமா. டீசல் காசு கூட நாங்க இன்னும் குடுக்கல."

குறளுக்கப்புறம் "இதன் பொருள் யாதெனில்"னு ஒரு வரி வச்சிருந்தான், வெட்டிட்டேன். லோரி கதைதான் ஏற்கனவே பொருள், "மாண"ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கும் "பெரிது" காதுல விழுந்துரும்.

பழமொழிக்கு இவ்வளவு கவனம் வேண்டாம், பேரும் வேண்டாம். பாட்டி உண்மையிலேயே சொல்லியிருந்தா மட்டும் "எங்க பாட்டி சொல்லும்"னு சொல்லுங்க, பொய் பாட்டி உடனே தெரிஞ்சிரும் லா. எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா பாதியில விடுங்க, "அடி மேல் அடி அடிச்சா..."ன்னு நிறுத்துனா கூட்டமே அம்மிய நகத்திரும்.

மேடையில மறந்து போச்சுன்னா? முதல் சொல்ல மட்டும் உள்ளங்கையில எழுதிக்கோங்க. அதுவும் வரலன்னா தேடிக்கிட்டு நிக்காதீங்க, நேரா அடுத்த வரிக்குப் போயிருங்க, குறள் ஒண்ணு வரவேண்டியிருந்துச்சுன்னு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.

அவன் மறக்கல. ஆனா டீசல் காசுன்னதும் மாமா கீழருந்தே "வட்டியோட சேத்துக் குடுடா"ன்னாரு, அதுக்குத்தான் பெரிய கைதட்டல்.