மிதவை ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வேதிப் பொறியியல் ஆய்வகங்களில் தண்ணீர்க் குழாயோடு ஒரு கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள். அடியில் குறுகி, மேலே போகப் போகச் சற்றே அகலும் குழாய் அது. வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் எஃகு மிதவை மேலே ஏறி, ஓர் உயரத்தில் நின்றுவிடும். அந்த உயரத்தில் உள்ள கோடுதான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதைச் சொல்லும். இதுதான் ரோட்டாமீட்டர்.

மேலே நிற்கும் மிதவையைத் தண்ணீர் கூடுதலாகத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கீழே நின்றாலும் மேலே நின்றாலும் தள்ளுவிசை ஒன்றேதான். எப்படி என்று பார்ப்போம். மிதவையின் எடை 16 கிராம், கன அளவு 2 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் மிதப்பு விசை 2 கிராமைத் தாங்கிக்கொள்ளும். மீதி 14 கிராமை ஓடுகிற தண்ணீர்தான் தாங்க வேண்டும். மிதவை எங்கே நின்றாலும் இந்த 14 மாறாது. மிதவையின் குறுக்குப் பரப்பு 1.4 சதுர சென்டிமீட்டர் என்றால், அதன் அடிக்கும் மேலுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு எப்போதும் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்.

சரி, இப்போது ஓட்டத்தை இரண்டு மடங்காக்குவோம். மிதவையைச் சுற்றியுள்ள இடைவெளி அந்த நொடியில் பழைய அளவிலேயே இருப்பதால், தண்ணீர் இரு மடங்கு வேகத்தில் பாய வேண்டியிருக்கிறது. தள்ளுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மிதவை எழும்புகிறது. மேலே குழாய் அகலம் என்பதால் இடைவெளி பெரிதாகி, வேகம் தணிகிறது. இடைவெளி இரு மடங்கானதும் வேகம் பழைய நிலைக்கு வந்து, தள்ளுவிசையும் 14 கிராமுக்குத் திரும்பிவிடும். மிதவை அங்கேயே நிற்கும். வேகம் மாறாமல் இடைவெளியின் பரப்பு மட்டும் மாறுவதால்தான் இதை மாறுபரப்பு மானி என்கிறோம். குழாய் சீராக அகல்வதால் கோடுகளும் ஏறக்குறைய சம தூரத்தில் அமைகின்றன.

தண்ணீருக்கென்று வரைந்த கோட்டை வைத்து மண்ணெண்ணெயை அளக்கக் கூடாது. மண்ணெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.8. அதன் மிதப்பு விசை 1.6 கிராம்தான், பாய்ச்சல் 14.4 கிராமைத் தாங்க வேண்டும். திரவமும் இலேசானது என்பதால் அதற்கு இன்னும் வேகமாகப் பாய வேண்டும். அதே கோட்டில் மிதவை நின்றாலும், உண்மையில் ஓடுவது சுமார் 13 சதவீதம் அதிகம். கெட்டியான எண்ணெய் என்றால் இந்தக் கணக்கும் உதவாது. அந்த எண்ணெயையே ஓடவிட்டுத் தனியாக அளவுகுறிக்க வேண்டும்.

குழாய் சாய்ந்திருந்தாலோ, விளிம்பில் அழுக்கு படிந்திருந்தாலோ மிதவை சுவரில் ஒட்டிக்கொண்டு பொய் அளவு காட்டும். சந்தேகம் வந்தால் வால்வைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். நல்ல மிதவை உடனே அசையும், வால்வைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் பழைய கோட்டுக்கே திரும்பும். ஒட்டிக்கொண்ட மிதவையோ சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று துள்ளும்.