எட்டாவது எலக்ட்ரான் எந்தப் பெட்டிக்குப் போகும்?

நேயர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்பு வேதியியல் படிப்பவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அணுவின் ஆர்பிட்டால் பெட்டிப் படத்தை இன்று சேர்ந்தே வரையலாம்.

தாளின் அடியில் ஒரு சிறு பெட்டி போட்டு 1s என்று எழுதுங்கள். அதற்கு மேலே இடம் விட்டு இன்னொரு பெட்டி, அது 2s. அதற்குச் சற்று மேலே மூன்று பெட்டிகளை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் போடுங்கள். அவை 2p. தாளில் உயரே போகப் போக ஆற்றல் கூடுகிறது. மூன்று 2p பெட்டிகளும் ஒரே மட்டத்தில் இருப்பது அவற்றின் ஆற்றல் சமம் என்பதால்தான். ஒவ்வொரு எலக்ட்ரானையும் ஓர் அம்பாக வரைவோம், அம்பின் திசை அதன் தற்சுழற்சியைக் காட்டும். ஒரு பெட்டியில் அதிகபட்சம் இரண்டு அம்புகள் வரலாம். அப்படி வந்தால் ஒன்று மேல் நோக்கியும் மற்றது கீழ் நோக்கியும் இருக்க வேண்டும். இது பௌலியின் விதி.

ஆக்சிஜனுக்கு எட்டு எலக்ட்ரான்கள். 1s-இல் இரண்டு, 2s-இல் இரண்டு. மீதி நான்கு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் மூன்றையும் 2p பெட்டிகளில் ஆளுக்கு ஒன்றாக, எல்லாம் மேல் நோக்கிய அம்புகளாகப் போடுங்கள். இத்துடன் ஏழு எலக்ட்ரான்கள் ஆயின, அதாவது இது நைட்ரஜனின் படம். பலர் முதல் பெட்டியிலேயே இரண்டு அம்புகளைப் போட்டு, மூன்றாவது பெட்டியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தனித்தனியாகப் போட்டாலும் நடுவில் உள்ளதைக் கீழ் நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். இரண்டுமே அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலை அல்ல. ஒரே பெட்டியில் இரண்டு எலக்ட்ரான்கள் இருந்தால் ஒன்றையொன்று அதிகமாக விலக்கும். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்டவையோ ஒன்றைவிட்டு ஒன்று விலகியே இருக்கும். அதனால் ஆற்றல் குறைகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் ஹூண்ட் 1920-களில் அணு நிறமாலைகளை ஆராய்ந்து இந்த விதியைச் சொன்னார். எல்லா அம்புகளும் கீழ் நோக்கி இருந்தாலும் தவறில்லை, ஒரே திசையில் இருந்தால் போதும். மேல் நோக்கிப் போடுவது நம் வழக்கம், அவ்வளவுதான்.

சரி, எட்டாவது எலக்ட்ரான்? மூன்று பெட்டியிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஜோடி சேர்வது சிரமம் என்றால் மேலே இருக்கும் காலியான 3s பெட்டிக்கு ஏறிவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். மிக நல்ல கேள்வி அது. 3s-க்கு ஏற ஆகும் ஆற்றல், ஜோடி சேர்வதால் கூடும் ஆற்றலைவிட மிக அதிகம். ஆகவே அது 2p-இலேயே கீழ் நோக்கிய அம்பாக ஒரு பெட்டியில் சேர்கிறது. எந்தப் பெட்டி என்பது முக்கியமில்லை. தனி அம்புகள் இரண்டு மிஞ்சும்.

ஹூண்ட் விதி ஒரே ஆற்றல் கொண்ட பெட்டிகளுக்கு நடுவில் மட்டும்தான் செல்லும். இதை மறந்தவர்கள் பெரிலியத்துக்கு 2s-இல் ஒன்று, 2p-இல் ஒன்று என்று வரைகிறார்கள். 2p சற்று உயரத்தில் இருப்பதால் அது தவறு. பெரிலியத்தில் 2s-இலேயே இரண்டும் ஜோடியாக இருக்கும்.

ஆக்சிஜனின் 2p-இல் சேர்ந்த ஜோடிக்கு ஆய்வகத்தில் சான்று இருக்கிறது. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல், அதாவது முதல் அயனியாக்கும் ஆற்றல், கார்பனுக்கு மோலுக்கு 1086 கிலோஜூல், நைட்ரஜனுக்கு 1402. ஆக்சிஜனின் உட்கருவில் மின்சுமை இன்னும் அதிகம் என்பதால் மதிப்பு ஏற வேண்டும். ஆனால் 1314 ஆக இறங்குகிறது! ஜோடியாக உள்ளவற்றில் ஒன்றைப் பிடுங்கினால் விலக்கு விசை குறைந்து, மூன்று தனி அம்புகள் மிஞ்சும். அதனால்தான் அது எளிதாக வந்துவிடுகிறது. அடுத்த ஃபுளூரின் 1681-க்கு ஏறிவிடுகிறது.

மூன்றாம் வரிசையிலும் இதே கதைதான். பாஸ்பரஸுக்கு 3p-இல் மூன்று தனி அம்புகள், ஆற்றல் 1012. கந்தகத்தில் நான்காவது அம்பு ஜோடி சேர்கிறது, 1000 ஆக இறங்குகிறது. இறக்கம் சிறியது, காரணம் ஒன்றுதான்.

ஆர்கானில் 3p நிரம்பிவிடும். அப்புறம் வரும் பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 3d-க்குப் போகாமல் 4s-க்குப் போகிறது. இந்த இடத்தில் 4s-இன் ஆற்றல்தான் குறைவு. 4s-க்கு ஒரே பெட்டி என்பதால் கால்சியத்தின் இருபதாவது எலக்ட்ரான் அங்கேயே ஜோடி சேரும். தனி அம்பு எதுவும் இல்லை.

வரைந்து முடித்ததும் தனி அம்புகளை எண்ணிப் பாருங்கள். அணு எண் ஒற்றைப்படையானால் தனி அம்புகளும் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் இருக்கும், இரட்டையானால் இரட்டை. கால்சியம் வரை மூன்றைத் தாண்டவே தாண்டாது; அந்த மூன்றும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் மட்டும்தான். சிலிக்கனுக்கு நீங்கள் வரைந்த படத்தில் தனி அம்பே இல்லை என்றால், 3p-இன் முதல் பெட்டியில் இரண்டையும் திணித்திருக்கிறீர்கள். ஒன்றை அடுத்த பெட்டிக்கு மாற்றி, மேல் நோக்கித் திருப்புங்கள். மூன்றாவது பெட்டி காலியாகவே இருக்கட்டும், ஆனால் அதையும் வரைய வேண்டும்.