தோசைக்கல்லைத் திருப்பிப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். பாத்திரக்கடையில இருக்கிறதால என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு. வீட்ல ஒரு கருப்பு தவா கிடக்குது, ஸ்டிக்கர் எப்பவோ போயிடுச்சு, இது வார்ப்பிரும்பா, நான்ஸ்டிக்கா, இன்னும் அடுப்புல வைக்கலாமா?

போன வாரம் ஒரு அக்கா அப்படி ஒண்ணைத் துணிப்பையில எடுத்துட்டு வந்தாங்க. மாமியார் வீட்டுப் பரண்ல இருந்துச்சாம், "இரும்புக்கல்லுதானே தம்பி, பழக்கி எடுத்தா ஓடும்ல"ன்னாங்க. கையில வாங்கின உடனே எனக்கு சந்தேகம், அந்த அளவுக்கு வார்ப்பிரும்பு தவான்னா நல்ல கனம் இருக்கணும், இது லேசா இருந்துச்சு. திருப்பிப் பார்த்தா அடியில 24ன்னு ஒரு நம்பர், அது சென்டிமீட்டர்ல விட்டம், பக்கத்துல கம்பிச்சுருள் மாதிரி ஒரு படம், அது இண்டக்ஷன் அடுப்புக்கும் ஆகும்ங்கிற குறி. அதுக்குக் கீழ பாதி அழிஞ்சுபோய் பி.எஃப்.ஓ.ஏ ஃப்ரீன்னு எழுத்து.

எழுத்து எப்படி இருக்குன்னு தடவிப் பாருங்க. வார்ப்பிரும்புல பெரும்பாலும் அது மேல புடைச்சுக்கிட்டு நிக்கும், ஏன்னா மணல் அச்சுல உருக்கி ஊத்தும்போதே எழுத்தும் சேர்ந்து வந்துடுது, சுத்தி இருக்கிற பரப்பும் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். தகட்டுல செஞ்ச தவால எழுத்து உள்வாங்கி இருக்கும், இல்ல மேல பிரிண்ட் பண்ணியிருப்பாங்க. ஆனா அலுமினியத்தையும் அச்சுல ஊத்துறாங்க, அதனால எழுத்தை மட்டும் நம்பிடாதீங்க, ஒரு காந்தம் எடுங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற பொம்மைக் காந்தமே போதும். வார்ப்பிரும்புன்னா அடி, பக்கம், விளிம்பு எங்க வச்சாலும் கெட்டியாப் பிடிக்கும். அந்த அக்காவோட தவால அடியில நடுவட்டத்துல மட்டும் பிடிச்சுது, பக்கத்துல வழுக்கி விழுந்துடுச்சு. அப்படின்னா உடம்பு அலுமினியம், இண்டக்ஷனுக்காக அடியில ஒரு ஸ்டீல் தகடு பதிச்சிருக்காங்க. விளிம்பை உத்துப் பார்த்தா பூச்சு தேஞ்ச இடத்துல வெள்ளியாத் தெரிஞ்சுது. சந்தேகமே இல்ல, நான்ஸ்டிக்.

பழக்குற வேலை இங்க நடக்காது. வார்ப்பிரும்புல இருக்கிற கருப்பு, எண்ணெய் சூட்டுல இறுகி உருவான படலம். அது செதில் செதிலா உரிஞ்சாலும் பயமில்ல, துருவெல்லாம் போகத் தேய்ச்சு, அடுப்புல ஈரம் போகக் காயவச்சு, எண்ணெயை மெல்லிசாத் தடவி புகை வந்து அடங்குற வரைக்கும் சூடாக்கி ஆறவிட்டு, இதையே சில தடவை செஞ்சா படலம் திரும்ப வந்துடும், அதனாலதான் பாட்டி காலத்துக் கல்லு பேத்தி வரைக்கும் வருது. அதுக்கு முடிவுன்னா விரிசல்தான், காய்ஞ்ச கல்லுல பச்சைத்தண்ணி ஊத்துனா விரிசல் விட்டுடும். நான்ஸ்டிக் பூச்சு அப்படி இல்ல, போனா போனதுதான், வீட்ல திரும்ப வர வைக்க முடியாது. தினமும் அடுப்புல ஏறுற தவான்னா ரெண்டு மூணு வருஷம், பார்த்துப் பார்த்து வச்சுக்கிட்டா அஞ்சு வருஷம்.

பி.எஃப்.ஓ.ஏ ஃப்ரீன்னு போட்டிருக்கேன்னு அக்கா கேட்டாங்க. அது பூச்சைத் தயாரிக்கும்போது முன்னாடி பயன்படுத்தின ஒரு ரசாயனம், இப்ப அது இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். பூச்சு என்னவோ அதே டெஃப்லான் வகைதான், சூட்டு வரம்பும் மாறல. கிரானைட்னு புள்ளி புள்ளியா வர்றதும் பெரும்பாலும் இதேதான், கல்லு கிடையாது. சுமார் 260 டிகிரிக்கு மேல போனா அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், இன்னும் சூடு ஏற ஏற வர்ற புகை மனுஷங்களுக்குக் காய்ச்சல் மாதிரி கொண்டுவரும், கூண்டுல வளர்க்கிற கிளி, லவ் பேர்ட்ஸ் செத்தே போயிடும். காலித் தவாவைப் பெரிய தீயில வச்சுட்டு மாவு எடுக்கப் போறோம்ல, அந்த சில நிமிஷத்துலயே அவ்வளவு சூடு ஏறிடும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் புகையத் தொடங்குறது ஏறக்குறைய 230ல, அதனால எண்ணெய் புகைஞ்சா உடனே தீயைக் குறைங்க.

இனி அந்த தவா ஆகுமா? நடுவுல ரூபாய்க் காசு அளவுக்கு அலுமினியம் தெரிஞ்சுது, டைல்ஸ் தரையில வச்சா ஆடிச்சு, அதாவது அடி வளைஞ்சுடுச்சு, அப்படி வளைஞ்சா எண்ணெய் ஓரத்துக்கு ஓடி நடுப்பகுதி மட்டும் எக்கச்சக்கமா காயும். ஒண்ணு ரெண்டு மெல்லிசு கீறல்னா சின்னத் தீயில மரக்கரண்டி வச்சு ஓட்டலாம், உரிஞ்ச துகள் வயித்துக்குள்ள போனாலும் செரிக்காம அப்படியே வெளிய வந்துடும். இவ்வளவு உரிஞ்சு, அடியும் வளைஞ்சதை வேண்டாம்னு சொல்லிட்டேன், பழைய அலுமினியத்துக்குப் போட்டுட்டாங்க.

ஒருவேளை காந்தம் எல்லா இடத்துலயும் பிடிச்சும் உள்ள மட்டும் வழவழன்னு ஒரே சீரா பூச்சு இருந்தா, அது இரும்பு மேல நான்ஸ்டிக் பூசினது, அப்படியும் வருது. அதையும் நான்ஸ்டிக் கணக்குலயே வச்சுக்கோங்க, கம்பி நார் போட்டுத் தேய்ச்சுடாதீங்க.