மானியம் வந்த நாளே லாபம் ஆகாது

அவையோருக்கு வணக்கம். ஒரே ஒரு இயந்திரத்தை வைத்து இன்றைய பொருளைப் பேசிவிடலாம்.

ஒரு சிறு தொழிற்கூடம் 40 லட்சம் ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறது. பத்து ஆண்டு உழைக்கும். கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது. அந்த இயந்திரத்துக்கென்றே அரசு 10 லட்சம் மானியம் தருகிறது. ஐந்து ஆண்டு தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

பணம் வங்கிக்கு வந்ததும் 10 லட்சத்தையும் அந்த ஆண்டு வருமானத்தில் எழுதினால் என்ன ஆகும்? இயந்திரத்தின் செலவில் அந்த ஆண்டு தேய்மானமாக விழுவது 4 லட்சம்தான். எனவே அந்த ஆண்டின் லாபம் 6 லட்சம் ஏறித் தெரியும். அடுத்த ஒன்பது ஆண்டும் முழுத் தேய்மானம் 4 லட்சம் தனியாக நின்று லாபத்தை அரிக்கும். தொழில் ஒரே மாதிரி நடந்திருக்கும், கணக்கு மட்டும் சரிந்ததாகச் சொல்லும். மானியம் எந்தச் செலவுக்காக வந்ததோ, அந்தச் செலவு விழுகிற ஆண்டுகளிலேயே அதுவும் வருமானமாக வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான்.

இதற்கு வழி இரண்டு. முதல் வழியில் 10 லட்சத்தை ‘ஒத்திவைத்த வருமானம்’ என்று பொறுப்புப் பக்கத்தில் வைத்து, ஆண்டுக்கு 1 லட்சமாக லாப நட்டக் கணக்குக்கு எடுக்கிறோம். 4 லட்சம் தேய்மானம், 1 லட்சம் வருமானம். நிகரச் செலவு 3 லட்சம். இரண்டாவது வழியில் இயந்திரத்தின் விலையிலேயே மானியத்தைக் கழித்து 30 லட்சமாக எழுதுகிறோம். தேய்மானம் 3 லட்சம். லாபம் இரண்டிலும் ஒன்றுதான். இருப்புநிலைக் குறிப்புதான் மாறும்: மூன்றாம் ஆண்டு முடிவில் முதல் வழியில் சொத்து 28 லட்சம், எதிரே ஒத்திவைத்த வருமானம் 7 லட்சம், இரண்டாவதில் சொத்து 21 லட்சம் மட்டும். பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 20 முதலில் கழிக்கும் வழியை மறுத்தது, 2018-இல்தான் அனுமதித்தது. என்னைக் கேட்டால் முதல் வழியே மேல். இயந்திரத்தின் உண்மை விலையும் அரசின் பங்கும் அதில் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன.

பணம் கைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். நிபந்தனையை நிறைவேற்றுவோம் என்ற நியாயமான உறுதி இருந்தால்தான் மானியத்தைக் கணக்கில் ஏற்கலாம்.

அந்த உறுதியும் சில நேரம் பொய்த்துப்போகும். மூன்றாம் ஆண்டு முடிவில் இயந்திரம் நின்றுவிட, அரசு 10 லட்சத்தையும் திருப்பிக் கேட்கிறது என்று வையுங்கள். இண்ட் ஏஎஸ் 20-இன்படி, முதல் வழியில் மீதமுள்ள 7 லட்சத்தை முதலில் தீர்த்து, மிச்சம் 3 லட்சத்தை அந்த ஆண்டே செலவாக எழுத வேண்டும். அதே தரத்தின்படி, இரண்டாவது வழியில் சொத்தை 10 லட்சம் கூட்டி, விட்டுப்போன மூன்று ஆண்டுத் தேய்மானம் 3 லட்சத்தை உடனே எழுத வேண்டும். 31 லட்சம் 28 ஆகும். பலரும் சொத்தைக் கூட்டுவதோடு நிறுத்திவிட்டு அந்த 3 லட்சத்தை மறந்துவிடுகிறார்கள். பழைய ஆண்டுக் கணக்குகளைத் திருத்தப் போவதும் தவறு. இது மதிப்பீட்டில் வந்த மாற்றம், பிழை அல்ல. நின்ற இயந்திரம் இனி 28 லட்சம் பெறுமா என்பதையும் அப்போதே தனியாகச் சோதித்தாக வேண்டும்.